தூங்கும் நேரத்தில் பாசிஃபையர்: பச்சிளங்குழந்தையின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரசவத்துக்குப் பிந்தைய வகுப்புகளில், குழந்தை சப்புவதற்கு வாயில் வைக்கும் ரப்பர் காம்பான பாசிஃபையரைப் பற்றிப் பேச்செடுத்தாலே அறை இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் "அது உயிரைக் காக்கும்" என்று படித்துவிட்டு வந்தவர்கள். மறுபக்கம் "அது தாய்ப்பாலைக் கெடுக்கும்" என்று கேட்டுவிட்டு வந்தவர்கள். இரண்டு பேச்சுக்கும் பின்னால் ஆய்வுகள் இருக்கின்றன. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தைகளை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

பாசிஃபையர் வைத்துத் தூங்கினால் தூக்கத்தில் குழந்தை இறந்துபோகும் ஆபத்து குறையும் என்கிறார்களே, உண்மையா?

இதுவரை நடந்த ஆய்வுகள் அப்படித்தான் காட்டுகின்றன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூக்கத்தில் இறந்து, பிரேதப் பரிசோதனையிலும் காரணம் புலப்படாமல் போனால் அதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து நான்காம் மாதம் வரை இது அதிகமாக நிகழ்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு மிகவும் அரிது. 2005இல் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, கடைசியாகத் தூங்கப்போகும்போது பாசிஃபையர் வைத்திருந்த குழந்தைகளுக்கு இந்த ஆபத்து ஏறக்குறைய 60 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி, தூங்க வைக்கும்போது பாசிஃபையர் கொடுத்துப் பார்க்கும்படி பரிந்துரைத்தது. 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அந்தப் பரிந்துரை தொடர்கிறது.

60 சதவீதம் என்றதும் பெரிதாகத் தோன்றும். அடிப்படை ஆபத்தே மிகச் சிறியது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே கணக்கின்படி, ஒரு மரணத்தைத் தடுக்கச் சுமார் 2,700 குழந்தைகள் பாசிஃபையருடன் தூங்க வேண்டும். எனவே கொடுப்பதில் பொருள் இருக்கிறது. கொடுக்க முடியாதவர்கள் பதறுவதற்கு ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? குழந்தைகளை வைத்துச் சோதனை செய்தார்களா?

இல்லை. பாதிக் குழந்தைகளுக்குக் கொடுத்து, பாதிக்குக் கொடுக்காமல் பார்த்த சோதனை ஒன்றுகூட இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் 2017இல் அப்படிப்பட்ட சோதனைகளைத் தேடியபோது எதுவும் கிடைக்கவில்லை. இவ்வளவு அரிதான நிகழ்வைச் சோதனையில் காண வேண்டுமானால் பெருந்தொகையான குழந்தைகளைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

கிடைத்திருப்பவை எல்லாம் ஒப்பீட்டு ஆய்வுகள். இறந்த குழந்தையின் பெற்றோரிடம் அந்தக் கடைசி உறக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள். அதே வயதுக் குழந்தை நலமாக இருக்கும் வீட்டில், குறிப்பிட்ட ஓர் உறக்கத்தைப் பற்றி அதே கேள்விகளைக் கேட்பார்கள். பிரிட்டனில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு ஒன்றைப் பாருங்கள். இறந்த குழந்தைகளில் 40 சதவீதம் கடைசி உறக்கத்தில் பாசிஃபையர் வைத்திருந்தன. நலமாக இருந்த குழந்தைகளில் 51 சதவீதம். ஆனால் "எப்போதாவது பாசிஃபையர் பயன்படுத்தியதுண்டா?" என்ற கேள்விக்கு இரு தரப்பிலும் 66 சதவீதம்தான். பழக்கம் இருந்ததா என்பதில் வேறுபாடே இல்லை; அந்த ஓர் உறக்கத்தில் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு தெரிந்தது.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். அந்த நேரத்தில் பாசிஃபையர் காத்தது என்று சொல்லலாம். அன்று ஏற்கெனவே சோர்ந்திருந்த குழந்தை அதை வாங்க மறுத்திருக்கலாம் என்றும் சொல்லலாம். இரண்டாவதை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுவதாலும், தூங்கும் நேரத்தில் மட்டும் கொடுப்பதில் கெடுதல் குறைவு என்பதாலும், கொடுக்கலாம் என்ற பக்கமே என் எடை சாய்கிறது.

வாயில் கிடக்கும் ஒரு ரப்பர் துண்டு எப்படி உயிரைக் காப்பாற்றும்?

உறுதியான விடை இல்லை. சில விளக்கங்கள் இருக்கின்றன. சப்பும்போது நாக்கு முன்னுக்கு வருவதால் மூச்சுப்பாதை திறந்திருக்கும் என்பது ஒன்று. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு, மூக்கும் வாயும் துணியில் புதைந்துபோவதைத் தடுக்கலாம் என்பது இன்னொன்று.

எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுவது விழிப்பு பற்றிய விளக்கம். ஆபத்து வரும்போது குழந்தை தானாக விழித்துச் சிணுங்குவதே அதன் முதல் பாதுகாப்பு. பெல்ஜியத்தில் 2000இல் வெளியான ஓர் ஆய்வில், தூங்கும் குழந்தைகளுக்கு அருகே ஒலியைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார்கள். பாசிஃபையர் பழகிய குழந்தைகள் சிறிய ஒலிக்கே விழித்தன. அந்த நேரத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளின் வாயிலிருந்து அது விழுந்துவிட்டிருந்தது என்பதுதான் வியப்பு.

தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். எத்தனையாவது நாளிலிருந்து பாசிஃபையர் கொடுக்கலாம்?

2005இல் "ஒரு மாதம் ஆகட்டும்" என்றார்கள். பிறகு "மூன்று, நான்கு வாரம்" என்றார்கள். இப்போது அமெரிக்க அகாதமி நாள் கணக்கையே விட்டுவிட்டு, பாலூட்டல் நன்றாக நிலைபெற்ற பிறகு கொடுங்கள் என்கிறது. அதற்கு மூன்று அடையாளங்களையும் சொல்கிறது: போதுமான பால் ஊற வேண்டும்; குழந்தை ஒவ்வொரு முறையும் வலியில்லாமல் சரியாகப் பற்றிப் பாலை இழுத்துக் குடிக்க வேண்டும்; எடை முறையாக ஏற வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது மூன்றாவது, நான்காவது வாரத்தில் கைகூடுகிறது.

வீட்டிலிருந்தே கவனிக்கக்கூடியவை இவை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீரில் துணி நன்றாக நனைய வேண்டும். இரவு பகலாகச் சேர்த்து 8 முதல் 12 முறை பால் குடிக்க வேண்டும். குடிக்கும்போது விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். குடித்து முடித்ததும் காம்பு நசுங்கியோ வெளுத்தோ இருக்கக்கூடாது. பிறந்த எடையை 10 முதல் 14 நாளுக்குள் திரும்ப எட்ட வேண்டும். அதன்பின் நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும்.

கணக்கு விளங்குவதற்காக இரண்டு குழந்தைகளைக் கற்பனை செய்துகொள்வோம். இருவரும் பிறக்கும்போது 3,000 கிராம். நான்காம் நாளில் 2,790 கிராம். முதல் சில நாளில் இவ்வளவு குறைவது வழக்கம்தான். முதல் குழந்தை 14ஆம் நாளில் 3,040, 21ஆம் நாளில் 3,230. கடைசி ஏழு நாளில் 190 கிராம், அதாவது நாளுக்கு 27 கிராம். தாய்க்கு வலி இல்லை. இந்தக் குழந்தைக்கு 21ஆம் நாளிலேயே தாராளமாகக் கொடுக்கலாம்.

இரண்டாவது குழந்தைக்கு ஆறாம் நாளிலிருந்தே பாசிஃபையர். 14ஆம் நாளில் 2,900; 21ஆம் நாளில் 2,990. ஏழு நாளில் 90 கிராம், நாளுக்கு 13 கூட இல்லை. பிறந்த எடையையும் எட்டவில்லை. கேட்டால், "சமத்துக் குழந்தை, அழுவதே இல்லை, ஒரு நாளைக்கு ஆறு முறைதான் குடிக்கிறது" என்பார்கள். அழவில்லை என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். பசிக்கான சைகையைப் பாசிஃபையர் மூடிவிடுகிறது. இந்த வீட்டில் பாசிஃபையரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மார்பில் போட வேண்டும். பற்றுதலைத் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிசெய்ய வேண்டும். மருத்துவரைப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று நாளில் மறுபடி எடை போட வேண்டும். நான்கு வாரம் முடிந்துவிட்டது என்பதற்காக இந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்கத் தொடங்கக்கூடாது. எடை ஏறத் தொடங்கிய பிறகுதான்.

அவசரப்பட்டு முன்பே கொடுத்துவிட்டேன். இனி குழந்தை மார்பை மறந்துவிடுமா?

மறக்காது, ஆனால் கவனித்துப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் சோதனைகள் நடந்திருக்கின்றன. கனடாவில் 2001இல் வெளியான ஆய்வில், பாசிஃபையர் பயன்படுத்திய குழந்தைகள் சீக்கிரம் தாய்ப்பாலை விட்டது உண்மை என்று தெரிந்தது. ஆனால் குலுக்கல் முறையில் பிரித்த குழுக்களை ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. பாலூட்டுவதில் ஏற்கெனவே சிரமப்படும் தாய்மார்தான் பாசிஃபையரை அதிகம் நாடுகிறார்கள், அது சிரமத்தின் அடையாளம் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். அர்ஜென்டினாவில் 2009இல் வெளியான சோதனையில், பாலூட்டல் நன்றாக அமைந்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரைச் சேர்த்து, ஒரு குழுவினரிடம் இரண்டு வாரத்திலேயே பாசிஃபையரைக் கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் ஒரு குழுவில் 85.8 சதவீதம், மறு குழுவில் 86.2 சதவீதம்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் 2003இல் வெளியான சோதனையில், முதல் ஐந்து நாளுக்குள் கொடுத்தபோது, நான்காம் வாரத்தில் தாய்ப்பால் மட்டும் குடிப்பது குறைந்திருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நான் புரிந்துகொள்வது: பாலூட்டல் நன்றாக அமைந்த பிறகு கொடுப்பதால் கேடு தெரியவில்லை; முதல் சில நாள்களில் கொடுப்பது தேவையில்லாத பந்தயம். உலகச் சுகாதார நிறுவனமும் பழைய "கொடுக்கவே கூடாது" என்ற விதியை 2018இல் மாற்றி, புட்டி, நிப்பிள், பாசிஃபையர் ஆகியவற்றின் பயன்பாட்டையும் அபாயங்களையும் தாய்க்கு விளக்கிச் சொல்லும்படி கேட்கிறது.

முன்பே கொடுத்துவிட்டவர்கள், முந்தைய பதிலில் சொன்ன அடையாளங்களைப் பார்த்தால் போதும். எல்லாம் சரியாக இருந்தால் தொடரலாம்.

பால் கொடுப்பதற்கு முன்பு வைப்பதா, பின்பு வைப்பதா? பசியா தூக்கமா என்று எனக்குப் புரிவதே இல்லை.

எப்போதும் பால் முதலில். வயிறு நிறைந்து, கைவிரல்கள் தளர்ந்து, கண் செருகும்போது மல்லாக்கப் படுக்க வைத்துப் பாசிஃபையரைக் கொடுக்க வேண்டும். "இன்னும் அரை மணி நேரம் தள்ளிப்போடலாம்" என்று பாலுக்குப் பதிலாக வைக்கத் தொடங்குவதுதான் தவறு. மார்பு காலியாவதைப் பொறுத்தே பால் ஊறுகிறது. தள்ளிப்போட்ட ஒவ்வொரு வேளையும் அடுத்த நாளின் பாலைக் குறைக்கும்.

பசி என்றால் குழந்தை தலையை இப்படியும் அப்படியும் திருப்பி வாயைத் திறந்து தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், விரலை இறுக்க மூடியிருக்கும். அழுகை கடைசியில்தான் வரும். இன்னமும் புரியவில்லையா? மார்பில் வைத்துப் பாருங்கள். பசியில்லாத குழந்தை நாலு வாய் குடித்துவிட்டு விட்டுவிடும். நஷ்டம் ஒன்றும் இல்லை. பசியோடு இருக்கும் குழந்தைக்குப் பாசிஃபையர் கொடுத்தால் கொஞ்ச நேரம் ஆவேசமாகச் சப்பிவிட்டுத் துப்பி அலறும், அல்லது அசந்து தூங்கிவிடும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் அது வெளியே தெரியாது.

குழந்தை தூங்கியதும் கீழே விழுந்துவிடுகிறது. ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து வைக்க வேண்டுமா?

வேண்டாம். தூங்கப்போகும்போது கொடுத்தாலே போதும் என்பதுதான் வழிகாட்டுதல். மேலே சொன்ன பெல்ஜிய ஆய்விலும் விழுந்த பிறகுதான் விழிப்பு அளக்கப்பட்டது. ஆய்வுகளிலும் "தூங்க வைக்கும்போது கொடுத்தீர்களா?" என்றுதான் பெற்றோரிடம் கேட்டார்கள், இரவு மூன்று மணிக்கு எங்கே இருந்தது என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பாலுக்கு விழித்தால் குடிக்க வைத்துவிட்டு, மறுபடி படுக்க வைக்கும்போது கொடுக்கலாம்.

ஒவ்வொரு முறையும் துப்பிவிடுகிறாள். தேனில் தொட்டுக் கொடுக்கலாமா?

தேன் கூடவே கூடாது. ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் நுண்ணுயிரியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். 2018இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், தேன் அடைத்த பாசிஃபையர் சப்பிய நான்கு குழந்தைகள் இப்படி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டன. சர்க்கரைக் கரைசலும் வேண்டாம்.

வலிந்து திணிக்கவும் கூடாது. ஒன்றிரண்டு வாரம் விட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள். தாய்ப்பால் சில துளி தொட்டுக் கொடுக்கலாம். அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சில குழந்தைகளுக்குப் பிடிப்பதே இல்லை. கட்டைவிரலைச் சப்பினால் அதே பலன் கிடைக்குமா என்றும் கேட்பார்கள். அப்படிச் சொல்லப் போதிய சான்று இல்லை.

பால் குடித்தபடியே தூங்கிவிடுகிறான். எழுப்பி வாயில் வைக்க வேண்டுமா?

தேவையில்லை, எழுப்பாமல் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தாய்ப்பாலே இந்த ஆபத்தைக் குறைக்கிறது: குறைந்தது இரண்டு மாதம் தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்கு ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைவதாக 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. படுக்க வைக்கும்போது அசைந்து வாயைத் தேடினால் கொடுங்கள், அவ்வளவுதான்.

தொலைந்துபோகாமல் சட்டையில் கிளிப்பில் மாட்டிவிடலாமா?

விழித்திருக்கும்போது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சரி. தூங்கும்போது கிளிப், கயிறு, கழுத்துச் சங்கிலி எதுவும் கூடாது, கழுத்தை நெரிக்கலாம். பொம்மை தைத்த பாசிஃபையரும் வேண்டாம், அந்தப் பொம்மை முகத்தை மூடும்.

வாங்கும்போது ஒரே வார்ப்பில் செய்ததாக, வாய்க்குள் போக முடியாத அளவு அகலமான, காற்றுத் துளை உள்ள தட்டுடன் இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் ஒருமுறை சப்பும் பகுதியை நன்றாக இழுத்துப் பாருங்கள். பிசுபிசுப்பு, வெடிப்பு, நிறமாற்றம் தெரிந்தால் உடனே எறிந்துவிட வேண்டும். புட்டி நிப்பிளில் பஞ்சை அடைத்துப் பாசிஃபையராகக் கொடுப்பது ஆபத்து: பிய்ந்தால் நேரே தொண்டைக்குப் போகும்.

நாங்கள் புட்டிப்பால்தான் கொடுக்கிறோம். நாங்களும் காத்திருக்க வேண்டுமா?

இல்லை. காத்திருப்பது பாலூட்டல் அமைவதற்காகத்தான். நேரடியாகக் கொடுக்காமல் தாய்ப்பாலைக் கறந்து மட்டுமே கொடுப்பவர்களும் இப்படியே. பால் முதலில் என்ற ஒழுங்கு மட்டும் எல்லோருக்கும் பொது. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனையிலேயே சப்பப் பழக்குவது உண்டு. அங்கே மருத்துவக் குழு சொல்வதுதான் வழி.

தினமும் கொடுத்துவிட்டு ஒருநாள் கொடுக்காமல் விட்டால் இன்னும் ஆபத்து என்று படித்தேன். தூக்கமே போய்விட்டது.

இந்தப் பயம் கிளம்பியது இரண்டாவது பதிலில் சொன்ன 1999 பிரிட்டன் ஆய்விலிருந்துதான். வழக்கமாகப் பயன்படுத்தி, அந்த உறக்கத்தில் மட்டும் இல்லாத குழந்தைகள் இறந்தவர்களிடையே சற்று அதிகமாக இருந்தார்கள். ஆனால் குடும்பங்களின் பொருளாதார நிலையையும் கணக்கில் சேர்த்ததும் அந்த வேறுபாடு புள்ளிவிவரப்படி பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. முடிந்தவரை பகல் தூக்கத்துக்கும் இரவுத் தூக்கத்துக்கும் ஒரே வழக்கத்தைக் கடைப்பிடியுங்கள். ஒருநாள் தவறினால் அதற்காக விழித்திருக்க வேண்டாம். மாற்றாக ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

பாசிஃபையர் வைத்தால் குப்புறப் படுக்க வைக்கலாம்தானே? அப்போதுதான் நன்றாகத் தூங்குகிறான்.

கூடாது. பாசிஃபையர் கூடுதல் பாதுகாப்பு மட்டுமே. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பது, இறுக்கமான சமதளப் படுக்கை, தலையணையும் போர்வையும் இல்லாதிருப்பது, புகையில்லாத வீடு ஆகியவை அதைவிட முக்கியம். 1990களில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் பிரசாரம் பரவியபோது பல நாடுகளில் இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. குப்புறப் படுத்தால் நன்றாகத் தூங்குவதும் உண்மைதான். எளிதில் விழிக்காமல் தூங்குவதே அங்கே அபாயம்.

பழக்கமாகிவிட்டால் விடவே மாட்டார்களாமே. எப்போது நிறுத்துவது? காது, பல் எல்லாம் கெடும் என்கிறார்களே?

ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் மெல்ல நிறுத்தலாம். பாசிஃபையரால் கிடைக்கும் பாதுகாப்பு தேவைப்படும் மாதங்கள் அதற்குள் பெரும்பாலும் கடந்துவிடும். நடுக்காது அழற்சி அடிக்கடி வரும் பருவமும் ஆறு மாதத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஃபின்லாந்தில் 2000இல் வெளியான ஆய்வில், பாசிஃபையரைத் தூங்கும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளும்படி ஒரு குழுவின் பெற்றோருக்கு அறிவுறுத்தினார்கள். அந்தக் குழந்தைகளிடம் நடுக்காது அழற்சி 29 சதவீதம் குறைவாக இருந்தது. எனவே முதலில் பகலில் விழித்திருக்கும் நேரத்தில் கொடுப்பதை விட்டுவிடுங்கள். அது எந்த வயதிலும் தேவைப்பட்டதில்லை. பிறகு பகல் தூக்கம், கடைசியாக இரவு.

பல் வரிசை மாறுவது பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதைத் தாண்டியும் தொடர்ந்து சப்பும் குழந்தைகளுக்குத்தான். அதற்கு முன் நிறுத்தினால், ஏற்பட்ட மாற்றம் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். காதில் அடிக்கடி தொற்று வரும் குழந்தையாக இருந்தால் ஒரு வயதுவரை காத்திருக்காமல், ஆறு மாதம் முடிந்ததும் மருத்துவரிடம் கேட்டு நிறுத்திவிடுங்கள்.